மாத்திரைக் கவரில் வேளையை எழுதுவதும் வரைவதும்

கேள்வி: சிறிய ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். கவரில் 1-0-1 என்று எழுதுவதை விட்டுவிட்டுத் தமிழில் எப்படி எழுதலாம்? சூரியன், நிலா படம் போட்டால் புரியுமா?

பதில்:

படம் உதவும். ஆனால் கவரைக் கையில் கொடுக்கும்போது வாயால் சொல்லி, அவர்களையும் சொல்ல வைத்தால்தான் உதவும். மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1-0-1 என்பது மருத்துவரும் நாமும் நமக்குள் வைத்துக்கொண்ட சுருக்கெழுத்து. முதல் எண் காலை, நடு எண் மதியம், கடைசி எண் இரவு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தான் அது தெரியும். சில மருத்துவர்கள் மாலையையும் சேர்த்து நான்கு இடமாக எழுதுகிறார்கள். அப்போது மூன்றாவது இடம் மாலையா இரவா என்று பழகியவர்களே திணறுவார்கள். இதைவிட ஆபத்தானது 1/2. அரை மாத்திரை என்று நாம் எழுதுவதை ‘ஒன்று அல்லது இரண்டு’ என்று படிக்கிறவர்கள் உண்டு. அரை என்றால் ‘அரை’ என்றே எழுதுங்கள், பக்கத்தில் பாதி வட்டம் வரையுங்கள்.

எழுதும் வாக்கியத்தில் ஒரு வேளைக்கு எத்தனை என்பதும் எந்த வேளை என்பதும் பிரிந்து நிற்க வேண்டும். ‘தினமும் 2 மாத்திரை 2 வேளை’ என்று எழுதினால் நாளுக்கு மொத்தம் இரண்டா, நான்கா? எனக்கே சந்தேகம் வரும். ‘காலை 2, இரவு 2’ என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு முறை’ என்ற லேபிளைக் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பறிவு குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளுக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். அதனால்தான் ‘புரிந்ததா?’ என்று கேட்டு வரும் தலையாட்டலை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இனி ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். தைராய்டும் சர்க்கரையும் உள்ள ஓர் அம்மாவுக்கு நான்கு மருந்துகள்: தைராக்சின் 1-0-0, மெட்ஃபார்மின் 1-0-1, கால்சியம் 0-1-0, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 0-0-1. சீட்டின்படி தைராக்சினும் மெட்ஃபார்மினும் ஒரே ‘காலை’. நடப்பில் இரண்டும் வேறு வேறு நேரம். தைராக்சின் எழுந்தவுடன், வெறும் வயிற்றில். மெட்ஃபார்மின் பலகாரம் சாப்பிட்ட கையோடு, இல்லையென்றால் வயிற்றைப் பிரட்டும். இருவேளைக்கும் ஒரே சூரியனைப் போட்டுக் கொடுத்தால் அந்த அம்மா இரண்டையும் சேர்த்துத்தான் விழுங்குவார். அது அவர் தவறில்லை.

அதிலும் ‘வெறும் வயிறு’ நம் ஊரில் காபியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடிந்ததும் காபி குடித்துவிட்டு, ‘இன்னும் ஒன்றுமே சாப்பிடவில்லை’ என்று மனமறிந்து உண்மை சொல்கிறவர்கள்தான் நாம். காபியோ தைராக்சின் உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே நான் எழுதுவது இப்படி: ‘எழுந்தவுடன் 1 மாத்திரை. தண்ணீர் மட்டும். அரை மணி நேரம் கழித்துக் காபி, டீ, பலகாரம்.’ தைராக்சின் பெரும்பாலும் டப்பாவில் வருவதால் இதை அதன் மேலேயே ஒட்டிவிடலாம், பெயரும் காலாவதித் தேதியும் மறையாமல். கால்சியத்தை ஏன் மதியத்துக்குத் தள்ளியிருக்கிறார் மருத்துவர் என்பதும் இங்கே சொல்ல வேண்டியதே. அது தைராக்சினிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். ‘மறந்துவிட்டால் காலையிலேயே சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டுமா?’ என்று கேட்பார்கள், அதற்காகத்தான்.

படத்துக்கு வருவோம். கவரில் நான்கு கட்டங்கள் அச்சடித்துக்கொள்ளுங்கள்: காலை, மதியம், மாலை, இரவு. எழுத்தும் படமும் சேர்ந்தே இருக்கட்டும், வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை படித்துச் சொல்லும். எந்தக் கட்டத்தில் மாத்திரை உண்டோ அதில் எத்தனையோ அத்தனை வட்டங்களைக் கறுப்பாக நிரப்புங்கள். மாத்திரை இல்லாத கட்டத்தில் பழக்கதோஷத்தில் 0 போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அது உருண்டையான ஒரு மாத்திரை. அந்தக் கட்டத்தைக் குறுக்குக் கோட்டால் அடித்துவிடுங்கள்.

சூரியனில் ஒரு சிக்கல் இருக்கிறது. உதிக்கிற சூரியனும் மறைகிற சூரியனும் கோட்டுப் படத்தில் ஒன்றேதான். மாலைக்கு அரைச் சூரியனுக்குப் பதிலாகத் திரி எரியும் விளக்கைப் போடலாம். காலைக்கு இரு மலைக்கு நடுவே சூரியன் வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு, தேர்தல் நேரத்தில் கவரை வைத்தே கடையில் சண்டை வரும். மலை இல்லாத தரைக்கோடு போதும். இரவுக்குப் பிறையும் நட்சத்திரமும் சேர்த்தால் பிறை மட்டும் போட்டதைவிடத் தெளிவாக இருக்கும்.

சாப்பாட்டுப் படம் இன்னும் கடினம். அமெரிக்க மருந்துத் தரக் குழு வெளியிட்ட படத் தொகுப்பு போன்றவற்றை அப்படியே எடுத்து அச்சடிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் படிப்பறிவு குறைந்தவர்களிடம் அந்தப் படங்களையும் உள்ளூரில் வரைந்த படங்களையும் காட்டிப் பார்த்தபோது உள்ளூர்ப் படங்களே நன்றாகப் புரிந்தன. நமக்குச் சோறு வைத்த எவர்சில்வர் தட்டு போதும். ‘சாப்பிட்ட பின்’ என்பதற்குக் காலித் தட்டு வரையாதீர்கள், பட்டினி என்று படிப்பார்கள். தட்டில் கை வைத்துச் சாப்பிடும் ஆளை முதலிலும், தண்ணீர் டம்ளரோடு மாத்திரையை அடுத்தும் வரைந்து, நடுவில் அம்புக்குறி போடுங்கள். இடமிருந்து வலமாகப் பார்ப்பது படித்தவர் பழக்கம். அம்புக்குறியும் சிலருக்குப் புரியாது. அதனால் விரலால் தொட்டு, ‘முதலில் இது, பிறகு இது’ என்று ஒருமுறை காட்டிவிடுவேன்.

ஒரு மருந்துக்கு ஒரு கவர். அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளில் பேனாவால் எழுதுவது வீண், நாலு மாத்திரை பிதுக்கியதும் எழுத்தும் கிழிந்துபோகும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதியும் பெயரும் உள்ள பக்கம் அவரிடம் போகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் கவரை அவர் கையில் கொடுத்து, ‘அம்மா, நாளைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை எதை எப்போது போடுவீர்கள், எனக்கு எடுத்து வைத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மேலே சொன்ன அம்மாவுக்கு மொத்தம் ஐந்து மாத்திரை வர வேண்டும். எழுந்ததும் காபிக்கு முன் தைராக்சினை எடுத்தாரா, மெட்ஃபார்மினைத் தள்ளி வைத்தாரா என்பதில் கண் வையுங்கள். தடுமாறினால் படத்தைத்தான் திருத்த வேண்டும். கூட்ட நேரத்தில் எல்லாரிடமும் இதைச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். புதிய சீட்டோடு வருகிறவர், மருந்து மாறியவர், துணைக்கு ஆளில்லாதவர் ஆகிய மூவரிடமும் விடாமல் செய்யுங்கள்.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மட்டும் இந்தக் கட்டம் போட்ட கவரே வேண்டாம். அது வாரம் ஒருமுறை போடுவது. சூரியனும் நிலாவும் உள்ள கவரில் கொடுத்தால் தினமும் போடச் சொல்வது போல ஆகிவிடும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வெள்ளைக் கவரில் பெரிதாக ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று மருத்துவர் சொன்ன கிழமையை எழுதி, எந்தக் கிழமை என்பதை வீட்டிலிருந்து வந்த இன்னொருவர் வாயாலும் சொல்ல வைத்துவிட்டுக் கொடுங்கள்.