காலை ஆறு மணிக்குப் பழுது கண்டால் என்ன செய்வது? பாடசாலை பஸ் நடத்துவோரின் கேள்விகள்

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ்களின் தினசரிப் பரிசோதனை, பழுது அறிவித்தல் பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் எயார் பிரேக் உள்ள பெரிய பஸ்கள் பற்றியவை.

எங்களிடம் ஐந்து பஸ்கள் ஓடுகின்றன. காலையில் புறப்பட முன்பு பார்த்து எழுதச் சொல்லி சாரதிகளுக்குப் படிவம் கொடுத்தேன். ஆனால் பழுது கண்டாலும் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. கராஜ் திறந்திருக்காது, பிள்ளைகள் வீதியில் நிற்பார்கள். எப்படிச் சமாளிப்பது?
*உரிமையாளர், களுவாஞ்சிக்குடி*

படிவத்தில் குறையில்லை, பார்க்கும் நேரம்தான் பிழை. பெரிய பரிசோதனையைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். பாடசாலை விட்டுக் கடைசிப் பிள்ளையை இறக்கியதும் பஸ் உங்கள் வளவுக்கு வந்துவிடும். அப்போது கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பாகக் கடைகள் திறந்திருக்கும், மெக்கானிக் வருவார், இருட்ட முன்பு அடியில் படுத்துப் பார்க்கவும் வெளிச்சம் இருக்கும். அன்று ஓடும்போது கேட்ட சத்தமும், பிரேக் ஒரு பக்கம் இழுத்ததும் சாரதியின் நினைவில் இன்னும் இருக்கும். இரவு தூங்கி எழுந்தால் அதில் பாதி மறந்துவிடும்.

அமெரிக்காவில் பயணிகளை ஏற்றும் பஸ் சாரதிகளுக்கு இந்த முறையைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அன்றைய அறிக்கையை எழுத வேண்டும். மறுநாள் ஓட்டப்போகிறவர் முந்தைய அறிக்கையை வாசித்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். அதில் பழுது எழுதியிருந்தால் திருத்தம் நடந்ததற்கான ஒப்பத்தையும் பார்த்துத் தானும் ஒப்பமிட வேண்டும்.

பின்னேரப் பார்வையில் முதல் வேலை கடைசி ஆசனம் வரை நடந்து போய், ஆசனத்துக்கு அடியிலும் குனிந்து பார்ப்பது. தூங்கிவிட்ட சின்னப் பிள்ளை ஒன்று உள்ளே இருக்கப் பூட்டிவிட்டுப் போனால் மத்தியான வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு வெளியே ஒரு சுற்று: டயர், சக்கர நட், விளக்குகள், கதவு, அவசர வாசல், அடியில் எண்ணெய்க் கசிவு. எயார் டாங்கில் சேர்ந்த தண்ணீரையும் அப்போதே திறந்து விடுங்கள். தண்ணீரோடு கறுப்பு எண்ணெய் நிறைய வந்தால் கம்பிரஸர் தேய்ந்திருக்கலாம், அதையும் எழுத வேண்டும்.

காலையில், ஓர் இரவுக்குள் மாறக்கூடியதை மட்டும் பார்த்தால் போதும். டயரில் காற்று இறங்கியிருக்கிறதா, தரையில் புதிய ஈரம் உண்டா, விளக்குகள் எரிகின்றனவா, கதவும் அவசர வாசலும் திறந்து மூடுகின்றனவா, எயார் முள் எங்கே நிற்கிறது. பத்து நிமிட வேலைதான்.

அப்படியும் எப்போதாவது காலையில் பழுது வரும். அதற்காக அயலில் பஸ் ஓட்டும் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, கூலியையும் முடிவு செய்து வையுங்கள். மாற்று வழி இல்லாதவர் பழுதைக் கண்டாலும் வண்டியை எடுக்கத்தான் செய்வார்.

பாவித்த பஸ் ஒன்று வாங்கினோம். காலையில் எயார் முள் கீழே கிடக்கும். கொஞ்ச நேரம் ரேஸ் பண்ணினால் ஏறிவிடும், அப்புறம் நாள் முழுக்கப் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. "பழைய வண்டி அப்படித்தான்" என்கிறார்கள். இதை எழுதித்தான் ஆக வேண்டுமா?
*சாரதி, அக்கரைப்பற்று*

கட்டாயம் எழுத வேண்டும். இயந்திரம் ஓடும்போது கம்பிரஸர் காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதால் கசிவு மறைந்துவிடும். பிரேக் பிடிக்கிறது என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. பாடசாலை வாசலில் வண்டி மெதுவாக ஊர்ந்து, சாரதி திரும்பத் திரும்பப் பிரேக்கை மிதிக்கும்போது, கம்பிரஸரும் மெதுவாகத்தான் சுற்றும். கசிவு வளர்ந்திருந்தால் அங்கேதான் முள் இறங்கும். ஏறத்தாழ 4 பாரில் எச்சரிக்கைச் சத்தம் வர வேண்டும். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நடு வீதியில் நின்றுவிடும்.

கசிவை இப்படி அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முள் 8 பார் அளவுக்கு ஏறியதும் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு வைத்து, கைப்பிரேக்கை விடுங்கள். காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி இன்னும் ஐந்து நிமிடம். மிதித்ததும் முள் ஒரு தரம் சட்டென்று இறங்கும். அதைக் கணக்கில் எடுக்காமல், அது நின்ற இடத்திலிருந்து அளக்க வேண்டும்.

அமெரிக்கச் சாரதிப் பரீட்சையில் தனி வாகனத்துக்கு ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐ, மிதித்தபடி என்றால் 3 பிஎஸ்ஐ வரை இறங்கலாம். அது 0.14 பார், 0.2 பார். டாஷ்போர்ட் முள்ளில் இவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் ஐந்து நிமிடம் என்கிறேன். ஐந்து நிமிடத்தில் காலை எடுத்த நிலையில் 0.7 பாரும், மிதித்த நிலையில் 1 பாரும் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பஸ்ஸில் இப்படி வருகிறது என்று வைப்போம். காலை எடுத்த நிலையில் முன்பக்க முள் 8 இலிருந்து 7.9, பின்பக்க முள் 8 இலிருந்து 6.8. அப்படியானால் கசிவு பின்பக்கச் சுற்றில். மறுபடி நிரப்பி, இந்தத் தடவை கைப்பிரேக்கை இழுத்து வைத்துப் பாருங்கள். பின்முள் அதே வேகத்தில் இறங்கினால் டாங், வடிகால் வால்வு, குழாய்கள் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். கைப்பிரேக்கை இழுத்ததும் கசிவு நின்றுவிட்டால் சந்தேகம் ஸ்பிரிங் பிரேக் பக்கம் போகும். மிதித்தபோது மட்டும் இறங்கினால் சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பரின் டயபிரம், அதற்குப் போகும் ஹோஸ், மிதிவால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இங்கே முதல் வகை என்று கொண்டால், சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசிக்கொண்டு போங்கள். பின் டாங்கின் வடிகால் வால்வில் குமிழி கிளம்பினால் துருவும் அழுக்கும் வால்வை மூட விடாமல் நிற்கின்றன என்று அர்த்தம். மாற்றுவது சின்ன வேலை. குமிழி அங்கே இல்லையென்றால் குழாயைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் பாருங்கள். நம் கரையோரத்து உப்புக் காற்றில் ஈரம் தங்கும் இடம் அதுதான், இரும்புக் குழாய் அங்கேதான் முதலில் அரிக்கும். மாற்றிய பிறகு அதே சோதனையை மறுபடி செய்து, புதிய அளவையும் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் பிரேக் சேம்பரை வீதியோரத்தில் வைத்துக் கழற்ற யாரையும் விடாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளைக் கொல்லும். அதை முறையாகப் பூட்டி வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது சேம்பரை முழுதாக மாற்றுங்கள்.

இனிமேல் தினமும் பின்னேரம் நிறுத்தும்போது முள் நிற்கும் இடத்தையும், காலையில் நிற்கும் இடத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். திங்கள் காலை 6.5, புதன் 5, வெள்ளி 3 என்று போனால், யாருக்கும் சத்தம் கேட்க முன்பே கசிவு வளர்வது தெரிந்துவிடும். எச்சரிக்கைச் சத்தத்தின் வயர் கழற்றிவிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் கத்துகிறது என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது வேலை செய்யாத பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

பழுதை எழுதிக் கொடுத்தால் முதலாளி "இன்றைக்கு ஓடு, நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார். ஏதாவது நடந்தால் பழி என் மேல்தானே?
*சாரதி, செங்கலடி*

"பிரேக் சரியில்லை" என்று எழுதினால் அப்படித்தான் பதில் வரும். "மிதித்துப் பிடித்தால் பின் இடது சக்கரத்தருகே காற்றுச் சத்தம், பின்முள் ஐந்து நிமிடத்தில் 1.5 பார் இறங்குகிறது" என்று எழுதினால் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்வது யாருக்கும் கடினம். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

சீட்டை கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதுங்கள், ஒன்று பஸ்ஸிலேயே இருக்கட்டும். அதில் சாரதியின் எழுத்துக்குக் கீழே முதலாளி தன் முடிவை எழுதி ஒப்பமிட இடம் வேண்டும்: நிறுத்து, அல்லது இன்ன திகதிக்குள் திருத்து. அதற்குக் கீழே மெக்கானிக் செய்த வேலை, மாற்றிய பாகம், ஒப்பம். "பார்த்தாச்சு" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். கடைசி ஒப்பம், அடுத்து வண்டியை எடுக்கும் சாரதியுடையது.

எதற்கு நிறுத்துவது என்பதைப் பழுது வர முன்பே, எல்லோரும் இருந்து பேசி எழுதி வைக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், நூல் தெரியும் அல்லது புடைத்த டயர், தளர்ந்த சக்கர நட், பூட்டாத கதவு, திறக்காத அவசர வாசல், டீசல் கசிவு, எரியாத பிரேக் லைட் ஆகியவற்றுக்குப் பேச்சே வேண்டாம். வைப்பர் போன்றவை காலத்தைப் பொறுத்தவை: ஆடி மாதம் இரண்டு நாள் பொறுக்கலாம், மார்கழி மழையில் ஒரு பயணம்கூடப் பொறுக்க முடியாது. சாரதி "நிறுத்து" என்று எழுதிய பஸ்ஸை முதலாளி தனியே விடுவிக்க முடியாது, நேரில் பார்த்த மெக்கானிக்கின் ஒப்பம் வேண்டும் என்று விதி வையுங்கள். அப்போது "ஓடு" என்று சொன்னவரின் பெயரும் தாளில் இருக்கும்.

எங்கள் சாரதிகள் தினமும் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுத் தருகிறார்கள். ஒரு பழுதும் வருவதில்லை. நம்பலாமா?
*முகாமையாளர், மட்டக்களப்பு*

பல பஸ்கள் ஓடும் இடத்தில் மாதக் கணக்காக ஒரு பல்புகூடப் போகவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை. "பழுது இல்லை" என்ற தாளும் தேவைதான், பரிசோதனை நடந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் டிக்கை வீட்டிலிருந்தும் போடலாம். அதனால் சில கட்டங்களில் டிக்கை எடுத்துவிட்டு, கிலோமீட்டர், இரண்டு எயார் முள்ளின் அளவு என்று வண்டியருகே போய்த்தான் எழுதக்கூடியதைக் கேளுங்கள்.

சர்வீஸில் மெக்கானிக் கண்ட பழுதுகளை எடுத்து, அதற்கு முந்தைய பத்து நாள் தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொட்டையாகத் தேய்ந்த டயர் ஒரே இரவில் அப்படி ஆகியிருக்காது. இதற்காகவே தாள்களை வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் பழுது, திருத்தப் பதிவுகளைக் குறைந்தது 15 மாதம் வைத்திருக்கச் சொல்கிறார்கள், அதையே பின்பற்றுங்கள்.

சாரதிகளைக் கண்டிக்க முன்பு, அவர்கள் கடைசியாக எழுதிய பழுதுக்கு என்ன நடந்தது என்றும் தேடுங்கள். எழுதியதற்கு இரண்டு மூன்று தடவை பதில் வராவிட்டால் யாராக இருந்தாலும் எழுதுவதை விட்டுவிடுவார்கள்.

பஞ்சர் ஒட்டி சக்கரத்தைப் பூட்டியதும் அந்தப் பழுதுச் சீட்டை மூடிவிடலாமா?
*பஸ் உதவியாளர், கொக்கட்டிச்சோலை*

மூடக் கூடாது. கழற்றிப் பூட்டிய சக்கரத்தின் நட்டுகள் ஓடும்போது அமர்ந்து, இறுக்கம் குறையும். அரை மணி நேரம் நின்ற பிறகோ, 40 முதல் 80 கிலோமீட்டர் ஓடிய பிறகோ மறுபடி டோர்க் ரென்ச்சால் இறுக்கிப் பார்க்க வேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தடவை போனாலே ஏறத்தாழ அந்தத் தூரம் வந்துவிடும். எவ்வளவு இறுக்கம் என்பது வாகனத்தின் கையேட்டில் இருக்கும். இறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு நேராக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கோடு விலகினாலோ, நட்டைச் சுற்றிப் புதிய துருக்கோடு வழிந்தாலோ அது தளர்கிறது. இரண்டாவது தடவை இறுக்கியவர் நேரத்தையும் கிலோமீட்டரையும் எழுதி ஒப்பமிட்ட பிறகுதான் சீட்டை மூட வேண்டும்.