நிச்சயமான கல்யாணம் நின்றுபோனால் தோழியிடம் என்ன பேசுவது?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் நெருங்கிய தோழிக்கு ஆவணியில் நிச்சயமானது. தையில் கல்யாணம். போன வாரம் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் லீவில் இருக்கிறாள். போனை எடுக்கிறேன், என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுகிறேன். அவளுக்கு வலிக்காத மாதிரி என்ன பேசுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வலிக்காத வார்த்தையைத் தேடாதீர்கள் அம்மா, அப்படி ஒன்று கிடையாது. தேடத் தேட நாள்தான் ஓடும். எல்லோரும் கூப்பிடுகிறார்கள், இவள் மட்டும் கூப்பிடவில்லையே என்று அவள் நினைக்க ஆரம்பித்துவிடுவாள். இன்று இரவே கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் இப்படி ஒரு மெசேஜ் போதும்: "விஷயம் தெரிஞ்சுது. எனக்கும் மனசே ஆறல. என்ன ஆச்சுன்னு நீ எதுவும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரேன், வேண்டாம்னா மட்டும் சொல்லு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "ஏதாவது வேணும்னா கேளு" என்று முடித்தால், யோசித்துக் கேட்கிற வேலையும் அவள் தலையில் விழும். "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அத்தை, சித்தப்பா, எதிர்வீடு, தரகர் என்று இதற்குள் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். கேட்கும்போதெல்லாம், தன்னை வேண்டாம் என்று சொன்னதை அவளே தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

நானும் ஒருமுறை தப்பாகப் பேசியிருக்கிறேன். என் கல்லூரித் தோழிக்குப் பத்திரிகை அடித்த பிறகு கல்யாணம் நின்றது. "நல்ல வேளை, தாலி ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல், விரலில் மோதிரம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக, "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எனக்கு அவரைப் பிடிச்சிருந்துதுடி" என்றாள். நிச்சயம் முடிந்து இரண்டு மாதமாகத் தினமும் ராத்திரி போனில் பேசிய மனிதர். அந்தப் பிரிவையே நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் தோழியிடம், "அவரை நினைச்சா கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அழுதால் அழட்டும், கூட இருங்கள்.

அந்தப் பையனைத் திட்டுவதில் மட்டும் அவளை முந்தாதீர்கள். "எனக்கு அப்பவே தோணுச்சு" என்றால், "அப்போ நான்தான் ஏமாந்தவளா?" என்று அவளுக்குப் படும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மறுபடி பேசி ஒன்று சேர்ந்தாலோ, நீங்கள் சொன்னது நடுவில் நிற்கும். "இதைவிட நல்ல இடம் அமையும்" என்பதும் இப்போது வேண்டாம்.

உங்களால் மட்டும் முடிகிற உதவி ஆபீசில் இருக்கிறது. லீவு முடிந்து அவள் வரும் முதல் நாள், தேதி என்ன, மண்டபம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். அதற்கு முன்பே அவளிடம், "நம்ம ஆபீஸ்ல நானே சொல்லிடட்டுமா? என்னன்னு சொல்லணும்?" என்று கேளுங்கள். அவள் ஒப்புக்கொண்ட ஒரே வரியை எல்லோரிடமும் சொல்லுங்கள்: "அந்தக் கல்யாணம் நடக்கல. அவகிட்ட அதைப் பத்திக் கேக்காதீங்க." காரணம் கேட்டால், தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள்.

சின்ன வேலைகளும் இருக்கும். என் தோழிக்கு, "முகூர்த்த பிளவுஸ் ரெடிம்மா" என்று தையல்காரர் போன் செய்துகொண்டே இருந்தார். அந்தப் போன் வரும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் போய்க் காசு கொடுத்து பிளவுஸை வாங்கி, என் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டேன். அழகு நிலையம், மெஹந்தி, போட்டோகிராபர் என்று உங்கள் தோழிக்கும் இப்படி நாலைந்து போன் வரும். பட்டியலை வாங்கி நீங்களே பேசி ரத்து செய்யுங்கள். நகை, புடவையைத் திருப்பிக் கொடுப்பது, மண்டப அட்வான்ஸ் எல்லாம் பெரியவர்கள் பாடு, அதில் தலையிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாப்பாடு, தூக்கம் இல்லாமல் நாட்கள் போனாலோ, "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற மாதிரிப் பேசினாலோ, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், தையில் குறித்திருந்த முகூர்த்த நாளுக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள். அதற்குள் மற்றவர்கள் மறந்திருப்பார்கள். என் தோழி அன்று விடியற்காலை நாலு மணிக்கே விழித்து உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு நான் போனேன். இரண்டு பேரும் பஸ் பிடித்து, கடைசி நிறுத்தம் வரை பேசாமலேயே போனோம். இறங்கி டீ குடிக்கும்போதுதான், "இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க இல்ல?" என்றாள். "ஆமாம்டி" என்றேன்.