கட்டடம் கன்னத்தில் தழும்பாகத் தெரிவது ஏன்?

"அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்து 2004இல் ஊருக்குத் திரும்பியவர். பக்கவாட்டு முகத்துக்குள் சிங்கப்பூர் கட்டடங்கள் தெரிகிற மாதிரி டபுள் எக்ஸ்போஷர் படம் செய்ய காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். போட்டோவும் அவர்களே ஃப்ளாஷ் போட்டு எடுத்ததுதான். வந்த படத்தில் முகம் வெளுத்து சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது, தாடைப் பக்கம் கட்டடம் தழும்பு மாதிரி தெரிகிறது. நரைமுடியில் ஒன்றுமே இல்லை. 'முகவாக்கு அப்படி' என்று சொல்லி, மறுபடி செய்ய இன்னொரு தடவை பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? சிட்டிக்குப் பதில் காடு வைத்தால் சரியாக வருமா?"
– வாசகி, பள்ளத்தூர்

பணம் கொடுக்காதீர்கள். அப்பச்சியின் முகவாக்கில் ஒரு குறையும் இல்லை. தப்பு ஃப்ளாஷில் இருக்கிறது. காடு வைத்தாலும் இதே போட்டோவில் இதே சாம்பல்தான் வரும்.

இந்தக் கலை ஃபிலிம் காலத்தில் வந்தது. ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை ஒளி படவிடுவார்கள். முதல் படத்தில் முகம் இருட்டாக இருந்தால், அந்த இடத்தில் ஃபிலிம் ஒளி படாமல் மிச்சம் இருக்கும். இரண்டாவது படம் அந்த மிச்ச இடத்தில்தான் பதியும். முதல் படத்திலேயே வெளுத்துப்போன இடத்தில் பதிய இடம் கிடையாது. போட்டோஷாப்பில் Screen என்ற முறை செய்வதும் இதே கணக்குதான்: இருட்டில் இரண்டாவது படம் முழுசாகத் தெரியும், வெளிச்சத்தில் காணாமல் போகும்.

கம்ப்யூட்டரில் கறுப்பு என்பது 0, வெள்ளை 255. முகம் 40 என்ற இருட்டில் இருந்தால், அதன் மேல் வருகிற கட்டடம் சுமார் 74ஆகவும், பக்கத்து வானம் சுமார் 225ஆகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நல்ல வித்தியாசம். ஃப்ளாஷ் அடித்து முகம் 180 ஆகிவிட்டால், அதே கட்டடம் 192, அதே வானம் 245. இரண்டும் வெளுப்புதான். நீங்கள் சாம்பல் என்று சொல்வது இதைத்தான். தாடைக்குக் கீழே ஃப்ளாஷ் எட்டாமல் கொஞ்சம் நிழல் இருந்திருக்கும். கட்டடம் அங்கே மட்டும் அழுத்தமாகப் பதிந்ததால் தழும்பு மாதிரி தெரிகிறது.

இந்த வேலைக்கு முகத்தின் முன்னால் லைட் வைக்கவே கூடாது, பின்னால்தான் வெளிச்சம் வேண்டும். ஆர்டர் வாங்கும் பல கடைகளில் இதைச் சொல்ல ஆளே இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு வைத்த லைட்டை அப்படியே வைத்து எடுக்கிறார்கள். ஃபைலை எங்கோ ஒருவருக்கு அனுப்புகிறார்கள், அவர் டெம்ப்ளேட்டில் முகத்தை மாற்றிப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். கடைக்காரர் அப்பச்சியின் முகத்தைப் பார்த்தவர், படம் செய்தவர் பார்க்காதவர். நடுவில் கமிஷன் மட்டும் சரியாகக் கைமாறுகிறது. இது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம். 'சரி பண்ணித் தருகிறோம்' என்றால் பெரும்பாலும் கட்டடப் படத்தின் Opacity அளவைக் குறைத்து, Normal முறையில் முகத்தின் மேல் பாதி தெரிகிற மாதிரி போட்டுவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். முகத்துக்கு வெளியே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் சாம்பல் படர்ந்திருக்கும். அப்படி இருந்தால் வாங்காதீர்கள்.

போட்டோவை நீங்களே வீட்டில் எடுங்கள். வளவு இருக்கிற வீடாக இருந்தால் உங்களுக்கு ஸ்டுடியோவே தேவையில்லை. முற்றத்தில் வெயில் விழுகிற நேரத்தில் கொடியில் ஒரு வெள்ளை எட்டு முழ வேட்டியை விரித்துக் கட்டுங்கள். அப்பச்சி அதற்கு இந்தப் பக்கம், தாழ்வாரத்து நிழலில், வேட்டியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கட்டும். தூண் எதுவும் தலைக்குப் பின்னால் வரக்கூடாது. நீங்கள் இன்னும் எட்டடி உள்ளே தள்ளி நின்று, போனில் 2x வைத்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் முகத்தின் அளவு கெட்டுவிடும். அந்தப் பக்கத்துக் கண்ணிமை மறைகிறவரை முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள், அதுதான் முழுப் பக்கவாட்டு. மோவாய் லேசாக உயரட்டும். HDR இருந்தால் அணைத்துவிடுங்கள், அது நிழலையெல்லாம் வெளிச்சமாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வேட்டி இன்னும் வெள்ளையாகவே இருக்க வேண்டும், முகம் இருண்டு, கண்ணும் உதடும் மட்டும் கொஞ்சம் தெரிய வேண்டும். 'என்னடா கறுப்பா எடுக்கிறே' என்று வீட்டில் சொல்வார்கள். கறுப்பாகத்தான் எடுக்க வேண்டும்.

இனி நகரம். சிங்கப்பூர் என்று சொன்னால் கடையில் உடனே மூன்று கோபுரத்தின் மேல் கப்பல் வைத்ததுபோல் இருக்கிற மரினா பே சாண்ட்ஸை எடுத்து வைப்பார்கள். அது திறந்தது 2010இல். உங்கள் அப்பச்சி 2004இல் வந்துவிட்டார். அவர் இருந்த ஊரில் அந்தக் கட்டடமே இல்லை. ராட்சத ராட்டினமும் 2008இல் வந்ததுதான். அவர் நாளும் பார்த்திருக்கக்கூடியது ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து உயர்ந்த கட்டடங்கள்: ஓ.யு.பி. சென்டர், யு.ஓ.பி. பிளாசா, ரிபப்ளிக் பிளாசா. மூன்றும் சுமார் 280 மீட்டர் உயரம், மூன்றும் 2004க்கு முன்பே கட்டி முடித்தவை. அங்கே இருக்கிற சொந்தக்காரர் யாரையாவது ஆற்றின் வடகரையிலிருந்து, எம்பிரஸ் பிளேஸ் பக்கம் நின்று, போட் கீயைப் பார்த்துப் பகலில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மரினா பே சாண்ட்ஸ் அந்தக் கோணத்தில் வராது. பிற்காலத்துக் கட்டடம் ஒன்றிரண்டு உள்ளே வந்தால் பிரஷால் அழித்துவிடலாம். கூகுளில் எடுக்கிற படம் யாரோ ஒருவருடைய சொத்து, பெரிதாக்கினால் உடையவும் செய்யும்.

இரவுப் படம் மட்டும் வேண்டாம். Screen முறையில் இரவு வானம் கறுப்பாகவே போய்விடும், ஜன்னல் விளக்குகள் மட்டும் முகத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். பகல் வானம் வெளுப்பாக இருப்பதால்தான் கட்டடத்தின் உருவம் முகத்துக்குள் தெரிகிறது.

நரைமுடிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்கிற படங்களில் முக்கால்வாசி இங்கேதான் கெடுகிறது. பின்னால் வெளிச்சம் வைத்தாலும் நரைமுடி இருளாது, ஓரத்தில் இன்னும் பளபளக்கும். அதனால் Screen முறையில் அங்கே எதுவும் பதியாது. கடைக்காரர்கள் செய்கிற வேலை, முடியை மட்டும் கறுப்பாக்குவது. டை அடித்த மாதிரி ஆகிவிடும், வீட்டில் யாருக்கும் அது அப்பச்சியாகத் தெரியாது. அதைச் செய்யவே விடாதீர்கள்.

சரியான வழி, நகரப் படத்தை இரண்டு பிரதி எடுப்பது. இரண்டையும் அங்குலம் பிசகாமல் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க வேண்டும். கீழே இருப்பதை Screen என்று வைத்து, மாஸ்க் போட்டு, அதாவது வேண்டாத இடத்தை மறைத்து, முகம், கழுத்து, தோளில் மட்டும் தெரியவிட வேண்டும். மேலே இருப்பதை Multiply என்று வைத்து, முடியில் மட்டும் தெரியவிட வேண்டும். Multiply என்பது நேர் எதிர்க் கணக்கு: வெளுத்த இடத்தில் இரண்டாவது படம் தெரியும், இருட்டில் மறையும். பகல் படத்தில் கட்டடம் இருட்டு, வானம் வெளிச்சம். ஆகவே முகத்திலும் கட்டடம் இருட்டாகத் தெரியும், நரையிலும் கட்டடம் இருட்டாகத் தெரியும். நெற்றிக்கு மேல் முடி தொடங்குகிற கோட்டில் மாஸ்க்கின் ஓரத்தை 30, 40 பிக்ஸல் மங்கலாக்கினால், ஒரே கோபுரம் நெற்றியிலிருந்து நரைக்குள் ஏறிப்போவது வெட்டில்லாமல் வரும். இன்னொன்று, சுத்த வெள்ளைப் பின்னணியில் நரையின் ஓரம் கரைந்து தலை பாதியில் வெட்டியதுபோல் நிற்கும். பின்னணியை 235 அளவுக்குக் கொஞ்சம் இறக்கினால் உச்சந்தலைக் கோடு பிழைத்துக்கொள்ளும்.

கட்டடங்களின் அடி தோளிலும், ஆறு கழுத்துக்குக் கீழும், உச்சிகள் முடிக்குள்ளும் வரட்டும். கண்ணையும் மூக்குத் துளையையும் உதட்டையும் குறுக்கே வெட்டுகிற கோடுகளை மென்மையான பிரஷால், 30 சதவீத அளவில், கொஞ்சம் கொஞ்சமாக மாஸ்க்கில் தேய்த்து எடுக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இரண்டு படங்களையும் ஒரே நிறச் சாயலுக்கு, சுலபம் என்றால் கறுப்பு வெள்ளைக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

காடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மரத்தில் நேர்க்கோடு இல்லாததால் கொஞ்சம் பிசகினாலும் தெரியாது, செய்பவருக்கு அது சுலபம். ஆனால் அப்பச்சி உழைத்தது அந்த ஊரில். சிட்டியையே வையுங்கள்.

இந்த வேலையைப் போட்டோஷாப் தெரிந்த பிள்ளை யாராவது ஒரு மாலையில் முடித்துவிடுவார். photopea.com என்ற தளத்திலும் இதே பெயர்களில் எல்லாம் இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். Document என்று அனுப்புங்கள். 12 × 18 அங்குல பிரிண்டுக்கு 3600 × 5400 பிக்ஸல் இருக்க வேண்டும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி 'ஹெச்.டி.' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது அந்தக் கடை. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனாலும் 'ஒரிஜினல் ஃபைல் தரமாட்டோம்' என்பது நம் ஊரில் எழுதாத விதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர் இல்லாததால் ஓடுகிறது. நீங்கள் கேளுங்கள். அட்வான்ஸில் பாதியாவது திருப்பிக் கேளுங்கள், லைட் வைத்தது அவர்கள். வேறு கடையில் கொடுக்க நேர்ந்தால், பின்னணி வெளிச்சத்தில் எடுப்பது, லேயர் பிரித்த PSD ஃபைலோடு தருவது, இந்த இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

பிரிண்ட் போடும் லேபில் 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் இருட்டு முகத்தைக் குறை என்று நினைத்து வெளுப்பாக்கிவிடும், மறுபடி சாம்பல்தான். முதலில் 4 × 6இல் ஒன்று போட்டு முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணும் நெற்றிக் கோபுரமும் தெளிவாக இருந்தால் பெரிது போடச் சொல்லுங்கள், மேட் தாளில்.