பக்திச் சனலும் எடிட்டரும்: காசு, திருத்தம், பெயர், ரோ ஃபுட்டேஜ்

மட்டக்களப்பில் கோயில் வீடியோக்களை எடிட் செய்கிறேன். சில காலம் ஒரு சனலின் நிர்வாகத்திலும் இருந்ததால் இரண்டு பக்கத்துக் குறையும் தெரியும். வந்த கேள்விகளில் சில இவை.

செங்கலடி எடிட்டர்: அக்கா, கண்ணகி அம்மன் சடங்கு ஏழு நாளும் வீடியோ செய்ய ஒரு சனல் 90,000 தாறம் என்குது. என்னத்தை எழுதி வாங்கிறது?

முதலில் அந்த 90,000 எதற்கு என்று பிரியுங்கள் தம்பி. ஒவ்வொரு நாளுக்கும் எட்டு நிமிடத் தொகுப்பு 8,000 என்றால் ஏழு நாளுக்கு 56,000. சடங்கு முடிந்தபின் 40 நிமிட முழு வீடியோவுக்கு 34,000. இப்படிப் பிரித்து எழுதினால், முழு வீடியோ வேண்டாம் என்று பிறகு சொன்னாலும் எவ்வளவு குறைப்பது என்று சண்டை வராது.

கோயில் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. தினசரி வீடியோ அன்றிரவே போகவேண்டும். திருக்குளிர்த்தி முடிந்த பிறகு மூன்றாம் நாள் வீடியோவை யார் பார்க்கிறார்கள்? அதனால் அதைப் பிடித்து வைத்துக் காசு கேட்க உங்களால் முடியாது. கதவு திறக்கும் நாளுக்கு முன் 30,000, நாலாவது வீடியோ போனதும் 30,000 என்று வாங்கிவிடுங்கள். இரண்டாவது தவணை வராமல் ஐந்தாவது வீடியோ தொடங்காது என்பதையும் எழுதுங்கள். மிச்சம் 30,000 வரும்வரை, முழு வீடியோவைக் குறுக்கே எழுத்துப் போட்ட, தெளிவு குறைந்த பிரதியாக மட்டும் காட்டுங்கள்.

பார்வை எண்ணிக்கைக்கு ஏற்ப சம்பளம் என்றால் ஒப்பவேண்டாம். அந்த எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை.

காரைதீவு எடிட்டர்: ரெண்டு தரம் திருத்தம் என்று எழுதினனான். வண்ணக்கர் ஒன்று, ஐயா ஒன்று, லண்டன் உபயகாரர் ஒன்று என்று வொய்ஸ் வந்துகொண்டே இருக்கு. ஒவ்வொரு வொய்ஸும் ஒரு தரமா?

எழுதாவிட்டால் நீங்கள் ஆம் என்பீர்கள், அவர்கள் இல்லை என்பார்கள். எத்தனை தரம் என்பதைவிட யார் சொன்னால் திருத்தம் என்பதுதான் முக்கியம். சனல் பக்கம் ஒருவரின் பெயரைப் போடுங்கள். வண்ணக்கர் சொன்னாலும் உபயகாரர் சொன்னாலும் அவர்தான் சேர்த்து, நிமிடக் கணக்கோடு ஒரே பட்டியலாக அனுப்பவேண்டும். ‘4:12, உபயகாரர் பெயரில் எழுத்துப்பிழை’ என்பதுபோல. அந்த ஒரு பட்டியல்தான் ஒரு தரம்.

அப்புறம், எல்லாம் திருத்தம் அல்ல. அவர்கள் சரியாக எழுதித் தந்த பெயரை நீங்கள் பிழையாகப் போட்டிருந்தால் அது உங்கள் தவறு, அதைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா திருத்திக் கொடுங்கள். முதல் வெட்டைப் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு “கல்யாணக்கால் நடுறதை முன்னுக்குக் கொண்டு வாங்க, புது வீடியோவும் இருக்கு, சேருங்க” என்றால் அது புது வேலை. அதற்கு மணித்தியாலக் கூலியை முதலே எழுதிவிடுங்கள். லண்டன்காரர் இரவு பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் பட்டியல் போடுகிறவரின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் படுங்கள்.

கல்முனை, கமராவும் எடிட்டும்: கமராவை அமத்தினவனுக்குத்தான் வீடியோ சொந்தம். ரோ ஃபுட்டேஜ் குடுக்கத் தேவையில்லை, சரிதானே?

பாதிதான் சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவருக்கே உரிமை என்பது பொது விதி. ஆனால் ஒலி ஒளிப் படைப்புக்கு வேறு விதி. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் பொருளாதார உரிமை முதலில் தயாரிப்பாளருக்கு. முயற்சி எடுத்து, பொறுப்பேற்று, காசு போட்டது சனல் என்றால் தயாரிப்பாளர் நாங்கள்தான் என்று அவர்கள் சொல்லலாம். வெட்டாத துண்டுகளும் அதற்குள் அடங்குமா என்று வாதாட இடம் இருக்கிறது, அதை நான் தீர்த்துவைக்க முடியாது. ஆகவே ‘படம் பிடித்தது யார், கமரா யாருடையது, அசல் யாருக்கு’ என்று மூன்று வரி எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில்தான் இருக்கவேண்டும்.

சனல் ஆளே எடுத்து உங்களிடம் எடிட்டுக்கு மட்டும் தந்திருந்தால் பேச்சே இல்லை, அது அவர்களுடையது. காசு வரவில்லை என்று அதைப் பூட்டி வைக்காதீர்கள். பிடித்து வைக்கவேண்டியது நீங்கள் செய்த முடிவு வீடியோவை.

களுவாஞ்சிக்குடி சனல் நிர்வாகி: காசு முழுக்கக் குடுத்தபிறகு ரோவும் ப்ராஜெக்ட் ஃபைலும் தரத்தானே வேணும்? எடிட்டர் டிஸ்க்குக்கும் காசு கேட்கிறார்.

டிஸ்க்குக்குக் கேட்பது நியாயம். 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு கமரா, இரவுக்கு மூன்று மணி, ஏழு இரவு என்றால் 42 மணி, அதாவது 1,890 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஒன்று கிட்டத்தட்ட நிரம்பிவிடும். இன்னொரு பிரதி வைக்க இரண்டாவது டிஸ்க். இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், டிஸ்க்கும் உங்களுக்கே சொந்தமாகும். முடிவு வீடியோ கொடுத்து 90 நாள் வரை எடிட்டர் வைத்திருப்பார், பிறகு அழிக்கலாம் என்று எழுதுங்கள். டிஸ்க்கைத் திருப்பி வாங்கும்போது இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பார்த்து, மொத்த அளவைக் குறித்து, வட்ஸ்அப்பில் ‘கிடைத்தது’ என்று போடுங்கள்.

ப்ராஜெக்ட் ஃபைல் வேறு. அதில் எடிட்டர் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவும் எஃபெக்டும் இருக்கும், அவற்றின் உரிமத்தை அவர் உங்களுக்குக் கைமாற்ற முடியாமல் இருக்கலாம். வேண்டுமென்றால் முதலே விலை பேசுங்கள். அடுத்த வருடம் வேறு எடிட்டர் திறந்தால், அவரிடம் இல்லாத கோப்புகளின் இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும், அதற்கும் தயாராக இருங்கள்.

திருக்கோவில் எடிட்டர்: தெய்வம் ஆடினவர்களின் துண்டுகள் நல்லா வந்திருக்கு. என் வேலை மாதிரி என்று முகநூலில் போடலாமா?

வேண்டாம் தம்பி. உரு வந்த ஒரு பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றினால் வீட்டார் உங்களிடம் வரமாட்டார்கள், கோயிலுக்குத்தான் போவார்கள், பிறகு அந்தக் கோயிலில் கமராவே இல்லை. வெளியான வீடியோவிலிருந்து 30 வினாடி, சனல் பெயரோடு என்று மட்டும் அனுமதி வாங்குங்கள். வெட்டி ஒதுக்கிய துண்டு வெளியே போகாது என்பதை உங்கள் பக்கமிருந்தே எழுதிக் கொடுங்கள். சனலுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும், குடும்பம் கேட்டால் நீக்குவது யார் என்றும் எழுதுங்கள்.

வாழைச்சேனை சனல்காரர்: சாமி காரியம். வீடியோவில எடிட்டரின் பேர் எதுக்கு?

உபயகாரர் பெயர் இரண்டு நிமிடம் ஓடுகிறதே! எடிட்டரும் படைப்பாளிகளில் ஒருவர் என்று கொண்டால், பெயர் போடக் கேட்பது அவரது தார்மீக உரிமை, வீடியோ உங்களுடையதானாலும் அது போகாது. கடைசித் திரையில் ‘படத்தொகுப்பு’ என்று மூன்று வினாடி, விவரணத்தின் முதல் வரிகளில் ஒன்று. ஷோர்ட்ஸ் வெட்டினாலும் விவரணத்தில் இருக்கட்டும். நீங்கள் பிறகு வெட்டி ஒட்டி மாற்றினால், தன் பெயரை எடுக்கச் சொல்லும் உரிமையையும் எடிட்டருக்குக் கொடுங்கள்.

ஓட்டமாவடியில் ஒரு தாய்: மகளின் கல்யாண வீடியோவின் ரோ இன்னும் தரயில்ல. இதுவும் இதேதானா?

கேள்வி வேறு, அம்மா. அங்கே நீங்கள் வாடிக்கையாளர், பொதுவாக அல்பமும் வீடியோவும்தான் பேசுவார்கள். பற்றுச்சீட்டில் ரோ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி சனல் நிர்வாகி, மீண்டும்: பரிபாலன சபை காசு தராமல் நாங்கள் எப்படிக் கடைசித் தவணை குடுக்கிறது?

அது உங்களுக்கும் சபைக்கும் உள்ள கணக்கு, எடிட்டரின் காலக்கெடு அதற்காகக் காத்திராது என்றுதான் நான் எழுதுவேன். ஆனால் சிறிய சனலுக்கு அது பாரம் என்பதும் உண்மை. ஒரு வழி, சபையின் முற்பணம் வந்தபிறகே எடிட்டரைப் பிடிப்பது. அதற்குள் நல்ல எடிட்டர் வேறு சடங்குக்குப் போய்விடுவார் என்பீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.