நோட்டீஸ் ஒரு மாதம் குறைந்தால் அட்வான்ஸில் எவ்வளவு போகும்?

கேள்வி: சார், வேளச்சேரியில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,08,000. அக்ரிமென்டில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது, ஆனால் எனக்குக் கோவைக்கு மாற்றல் வந்துவிட்டதால் ஆகஸ்ட் 31 அன்று சொல்லி செப்டம்பர் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஓனர் இரண்டு மாத வாடகையும் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையும் பிடித்துக்கொள்வாராம், மீதியையும் அடுத்த ஆள் குடிவந்த பிறகுதான் தருவாராம். இது சரியா?

பதில்: சரியில்லை. உங்களிடம் பிடிக்க அவருக்கு உரிமை இருப்பது ஒரு மாத வாடகைதான், இரண்டு மாதம் இல்லை.

நோட்டீஸ் என்பது அபராதம் இல்லை, கால அவகாசம். நீங்கள் காலி செய்யப் போவது தெரிந்ததும் வேறு ஆளைத் தேடிக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் வேண்டும், அவ்வளவுதான். ஆகஸ்ட் 31 அன்று எழுதிக் கொடுத்தால் அந்த அவகாசம் அக்டோபர் 31 வரை ஓடும். செப்டம்பர் முழுக்க நீங்களே குடியிருந்து வாடகையும் கட்டிவிடுவீர்கள், அப்புறம் பாக்கி நிற்பது அக்டோபர் மட்டும்: 18,000 ரூபாய். குடியிருந்து வாடகை கட்டிய மாதத்துக்கும் சேர்த்து அட்வான்ஸில் கை வைத்தால் செப்டம்பருக்கு இரண்டு முறை வாடகை கொடுத்ததாகிவிடும், இதை அவரிடம் தேதி போட்டே காட்டுங்கள்.

ஒருவேளை அக்டோபர் 10 அன்றே வேறு ஆள் குடிவந்து வாடகை கொடுக்க ஆரம்பித்துவிட்டால், மீதி 22 நாளுக்கான ஏறக்குறைய 12,800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இரட்டை வாடகை வாங்குகிறவருக்கு என்ன இழப்பு? அவர் உடனே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனாலும் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

பெயின்டிங்குக்கு அக்ரிமென்டைப் பிரித்துப் பாருங்கள். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடித்தம்" என்று எழுதியிருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை போட்டுப் பெரிய பலன் இருக்காது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் எட்டு மாதம் புழங்கியதில் சுவர் மங்கியதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. சாதாரணத் தேய்மானம் போக, வீட்டை வாங்கியபடி திருப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. டிவி மாட்டத் துளைத்த ஓட்டை, குழந்தை கிறுக்கிய சுவர் இதெல்லாம் வேறு கணக்கு, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைத் தர வேண்டும். ஆக, பெயின்டிங் வரி இருந்தால் உங்களுக்கு வர வேண்டியது 72,000, இல்லையென்றால் 90,000. அவர் சொல்லும் கணக்கில் 54,000தான் வரும்.

"அடுத்த ஆள் வந்த பிறகு" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸை நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும். தராவிட்டால் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஆனால் அக்ரிமென்ட் அங்கே பதிவாகியிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள், வெறும் ஸ்டாம்ப் பேப்பரை வைத்துக்கொண்டு போய் நிற்பது சிரமம். (மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அது பொருந்தாது. அதனால் ஆறு மாதம் வாங்கியதை வைத்து வாதாட வேண்டாம்.)

அட்வான்ஸ் திரும்பி வராதோ என்ற பயத்தில் கடைசி மாத வாடகையைக் கட்டாமல் "அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் வாடகை பாக்கி வைத்தவர் நீங்கள் என்று ஆகிவிடும், அப்புறம் உங்கள் பக்க நியாயம் எடுபடாது. நோட்டீஸையும் போனில் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் தேதியோடு அனுப்பி, அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள், ஏனென்றால் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு.

காலி செய்யும் நாளில் சாமான் ஏற்றியபின் வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள், குழாய், சுவிட்ச், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் தெரிகிற மாதிரி. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவதால், "பில் வரட்டும், பார்ப்போம்" என்று தள்ளிப்போட அது ஒரு சாக்காகிவிடும், அதனால் மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, ரீடிங், பிடித்த தொகை, எதற்காகப் பிடித்தார், மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.