‘ஊழியர் அல்லர்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகத் தர ஆலோசகராக இருந்தவரின் ஒப்பந்தத்தை முடித்தோம். ‘நான் உங்கள் ஊழியர்தான்’ என்று இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ‘இவர் ஊழியர் அல்லர்’ என்று நாங்கள் அவருக்குக் கொடுத்த ஒப்பந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. சம்பளத்துடன் விடுப்பு, போனஸ், மருத்துவக் காப்பீடு என்று குடும்பத்தில் ஒருவராக நடத்தினோம், நன்றி கெட்டவர். பழைய தேதியிட்டு விரிவான கடிதம் ஒன்றைத் தயாரித்துக் கோப்பில் வைக்கலாமா? இன்னும் இரண்டு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி எழுதுவது?

பதில்: அவருக்கு நன்றி இருக்கிறதா என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று முடிவு செய்தது யார் என்றுதான் முதலில் கேட்கும். நீங்கள் பரிவோடு கொடுத்த விடுப்பும் போனஸும் காப்பீடும் அவருடைய வழக்கறிஞர் தாக்கல் செய்யப்போகும் முதல் மூன்று ஆவணங்கள்.

பழைய தேதியிட்ட கடிதம் வேண்டவே வேண்டாம். அது எப்போது தயாரானது என்பதைக் கணினிக் கோப்பே காட்டிக்கொடுக்கும். அதன்பின் உங்கள் உண்மையான ஆவணங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். அதற்குமேல் குற்ற வழக்கும் வரலாம்.

‘ஊழியர் அல்லர்’ என்ற வரி, நடைமுறை அதற்கு ஒத்துப்போகும் வரைதான் உதவும். உறவுக்கு வைத்த பெயரைவிட நடந்ததையே பார்க்க வேண்டும் என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கார்களைச் சுத்தம் செய்பவர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்றும், அவர்கள் மாற்று ஆளை அனுப்பலாம் என்றும் ஒப்பந்தம் சொன்னது. நடைமுறை அப்படி இல்லை என்பதால் அந்த வாசகங்களை ஒதுக்கிவிட்டு, அவர்களுக்குத் தொழிலாளர் உரிமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்துக்குக் கூடுதல் மதிப்புத் தரும் நாடுகளும் உண்டு. அங்கும் எழுத்தே உங்களுக்கு எதிராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் எழுத்து எதிராகத்தான் இருக்கிறது. என்னிடம் வரும் கடிதங்களில் பாதி, பணி நியமன உத்தரவில் பதவிப் பெயரை மட்டும் மாற்றியவை. தகுதிகாண் காலம், மாதச் சம்பளம், மேலதிகாரி, விடுப்பு நாட்கள், வேறு வேலைக்குத் தடை எல்லாம் அப்படியே இருக்கும். கடைசியில் ‘ஊழியர் அல்லர்’ என்று ஒரு வரி.

அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேலையின் முடிவிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ‘ஒவ்வொரு காலாண்டிலும் இரண்டு உற்பத்திப் பிரிவுகளைத் தணிக்கை செய்து எழுத்துவடிவ அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டதும் ஆலோசகர் பில் அனுப்புவார். 30 நாட்களில் கட்டணம் தரப்படும்’ என்று இருக்கட்டும். அறிக்கை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அதை எட்டும் வழியையும் நேரத்தையும் அவரிடம் விடுங்கள். குறை இருந்தால் தன் செலவில் திருத்தித் தர வேண்டும், கருவியும் வரியும் அவர் பொறுப்பு, பிற நிறுவனங்களுக்கும் வேலை செய்யலாம் என்று சேருங்கள். உங்கள் ரகசியத்தைக் காக்க ரகசியக் காப்பு விதியே போதும். அதற்காக அவரை முழுநேரமும் கட்டிப்போட வேண்டாம். முடிவுத் தேதி கட்டாயம் வேண்டும்.

இத்தனையும் சரியாக எழுதியவர்களும் தோற்கிறார்கள். என் கட்சிக்காரர் ஒருவரின் கடிதத்தில் குறையே இல்லை. ஆனால் ஆலோசகர் ஒவ்வொரு முறையும் ‘இரண்டு நாள் விடுப்பு வேண்டும்’ என்று மின்னஞ்சல் அனுப்ப, மேலாளர் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பு அவற்றை அடுக்கி வைத்ததும் நாங்கள் சமரசம் பேசத் தொடங்கினோம். அனுமதி கேட்பவர் ஊழியர். ‘அந்த வாரம் வர இயலாது, அறிக்கை குறித்த தேதியில் வரும்’ என்று தெரிவிப்பவர் ஆலோசகர். வருகைப் பதிவேடு, ஆண்டு மதிப்பீடு, அவருக்குக் கீழே நிறுவன ஊழியர்கள், ‘இந்த வேலையையும் சேர்த்துப் பாருங்கள்’ என்ற வாய்மொழி உத்தரவு ஆகியவையும் இதே ரகம். ஆகவே கடிதத்தின் பிரதியை உங்கள் மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் கொடுத்து விளக்குங்கள். கெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

நோட்டீஸ் அனுப்பியவரோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் வழக்கு அவர் பக்கமே சாய்கிறது. ஊழியராக இருந்திருந்தால் அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று கணக்கிட்டு, அங்கிருந்து பேரம் பேசுங்கள். பல நாடுகளில் சட்ட உரிமைகளைத் தனிப்பட்ட கடிதத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. எனவே உடன்பாட்டைத் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையிலோ நீதிமன்றத்திலோ பதிவு செய்த பிறகே பணம் கொடுங்கள்.

மற்ற இருவரும் தினமும் அலுவலக நேரத்தில் வந்து, உங்கள் மேலாளர் சொல்வதைச் செய்பவர்கள் என்றால் அவர்களுக்குக் கடிதம் தயாரிக்க என்னிடம் வர வேண்டாம். ஊழியர்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.