விதவைகளின் அரிசிப் பங்கும் உதவிக்காரரின் கடமையும்: மியன்மார் தமிழ்ச் சபையினரின் கேள்விகளுக்குப் பதில்கள்

"எங்கள் சபையின் தரும நிதியில் 60 வயதுக்குக் குறைந்த விதவைக்குக் கொடுக்கக் கூடாது என்று மூப்பர் ஒருவர் சொல்கிறார். 54 வயதுள்ள ஓர் அம்மா வந்து கேட்கிறார். என்ன செய்வது?" (இன்செயின், புதிய உதவிக்காரர்)

அந்த மூப்பர் வசனத்தைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார், தம்பி. ஆனால் அதைத் தவறான இடத்தில் பொருத்துகிறார். 1 தீமோத்தேயு 5:9-ல் வரும் அறுபது வயது, விதவைகளின் கூட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியவளைப் பற்றியது. அந்தக் கூட்டம் உதவி பெறுவோரின் பட்டியலா, ஜெபத்துக்கும் ஊழியத்துக்கும் ஒப்புக்கொடுத்தவர்களின் அணியா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எதுவாயினும், பசியோடு வாசலில் நிற்பவளைத் திருப்பி அனுப்ப அது ஆதாரமாகாது. அப்போஸ்தலர் 6-ல் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் போன விதவைகளின் வயதை யாரும் விசாரிக்கவில்லை.

வயதைக் காட்டிலும் 5:4-ஐயும் 5:16-ஐயும் கவனியுங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலில் தாங்க வேண்டும். விசுவாசியான உறவினர் இருந்தால் சபையின்மேல் பாரம் வைக்கக் கூடாது. ஆகவே அந்த அம்மாவின் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். மகன் மலேசியாவில் இருக்கிறான் என்றால், கடைசியாக எந்த மாதம் பணம் வந்தது என்று மெதுவாகக் கேளுங்கள். பணம் நின்றுபோயிருந்தால் இந்த மாதத்து அரிசியை முதலில் கொடுத்துவிட்டு, மகனுக்குப் போதகர் எழுதட்டும். பதில் வரும்வரை அந்தத் தாய் காத்திருக்க வேண்டும் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மீண்டும் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"காணிக்கை எண்ண எத்தனை பேர் வேண்டும்?" (தாக்கேத்தா)

குறைந்தது இரண்டு பேர், ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள். ஆலயத்தை விட்டு வெளியே போகுமுன் எண்ணி, தொகையைப் பேனாவினால் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். 2 கொரிந்தியர் 8:18-21-ஐ வாசித்துப் பாருங்கள். எருசலேமுக்கான தருமப் பணத்தைத் தீத்துவோடு இன்னும் சகோதரர்களைச் சேர்த்தே பவுல் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவே அப்படிச் செய்கிறார்.

நான் இளைஞனாக இருந்தபோது ஒரு சபையில் பென்சிலால் எழுதிய கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரியில் மட்டும் தாள் தேய்ந்து மெலிந்து, எண் மாற்றப்பட்டிருந்தது. பொருளாளர் பணத்தை எடுக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் பக்கம் பேச அவருக்கு ஒரு சாட்சியும் இல்லை.

"ஏழு பேரைத் தெரிந்துகொண்டபோதே டீக்கன் என்ற பதவி வந்துவிட்டது, அதாவது உதவிக்காரர் பதவி, சரிதானே ஐயா?" (பெகு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்)

பாதி சரி. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் ஸ்தேவான் முதலிய ஏழு பேரையும் எந்தப் பதவிப் பெயராலும் அழைக்கவில்லை. கிரேக்கத்தில் பந்தி விசாரணைக்கும் வசன ஊழியத்துக்கும் ஒரே வேர்ச்சொல்லே வருகிறது. பதவியாக அதைப் பிலிப்பியர் 1:1-லும் 1 தீமோத்தேயு 3-லும் காண்கிறோம். கண்காணிக்குக் கேட்கப்படும் போதகசமர்த்து உதவிக்காரரிடம் கேட்கப்படுவதில்லை. இழிவான ஆதாயத்தை இச்சியாமை கேட்கப்படுகிறது. அவர் கையில் பணம் இருக்கும் என்பதை அதிலிருந்தே அறியலாம்.

"அப்படியானால் பெண்கள் உதவிக்காரராகலாமா? எங்கள் வீட்டு அம்மாதான் இப்போது அரிசியை அளந்து கொடுக்கிறார்." (தன்லின், சகோதரி)

1 தீமோத்தேயு 3:11-ல் "ஸ்திரீகளும்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு போட்டிருப்பது நியாயமானது. "அவர்களுடைய மனைவிகள்" என்று கொள்வோரும் உண்டு. ஆனால் "அவர்களுடைய" என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை. கண்காணிகளின் மனைவிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உதவிக்காரரின் மனைவிகளுக்கு மட்டும் தகுதி சொல்ல வேண்டிய காரணமும் தெரியவில்லை. ரோமர் 16:1-ல் பெபேயாள் என்ற சகோதரிக்கும் உதவிக்காரரைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல் வருகிறது.

"அடுத்த வசனமே ஒரே மனைவியையுடைய புருஷர் என்கிறதே, ஐயா! அதை விட்டுவிடலாமா?" (இன்செயின், மூப்பர்)

விடக் கூடாது, அண்ணன். அந்த வசனம் உங்கள் பக்கம் பலமாகவே நிற்கிறது, நான் அதை மறைக்க மாட்டேன். பெபேயாளின் சொல் பொதுவாக ஊழியத்தையும் குறிக்கலாம் என்பதும் உண்மை. என் மனம் பெண்களை அனுமதிக்கும் பக்கமே சாய்கிறது. உங்கள் சபையின் விதிமுறை வேறாக இருந்தால் அதன்படி நடக்கட்டும். ஆனால் அரிசியை அளந்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்து வருகிற அந்த அம்மாவைக் கூட்டத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத பெயர்கள் அவருக்குத் தெரியும்.

"மூப்பர் மீது புகார் வந்தால்?" (மாண்டலே)

1 தீமோத்தேயு 5:19: இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதீர்கள். மற்றதை உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

"எங்கள் சபை சிறியது, நான் ஒருவனே எண்ணினால் போதாதா?" (தாக்கேத்தா, வேறொருவர்)

போதாது. மேலே சொன்னதுதான். இருபது பேர் உள்ள சபையிலும் இரண்டாவது ஆள் கிடைப்பார். பேனாவும் வேண்டும்.